8ஆம் வகுப்பு அறிவியலுக்கு ஒரு பாடத்திட்டமும் துணைக்கருவிக் குறிப்பும்: பி.எட். செய்முறைத் தேர்வுக்காக

கேள்வி: மேடம், பி.எட். இரண்டாம் ஆண்டு, அறிவியல். செய்முறைத் தேர்வு வருகிறது. பாடத்திட்டத்தை எந்த வரிசையில் எழுத வேண்டும், துணைக்கருவிக்குத் தனியாக என்ன குறிப்பு எழுத வேண்டும் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். ஒரு மாதிரிப் பாடத்திட்டத்தோடு விளக்க முடியுமா?

பதில்:

ஆளுக்கு ஒன்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. பாடத்திட்டத்தின் கட்டங்கள் கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறும். சில இடங்களில் "கற்றல் அனுபவம்" என்று ஒரே கட்டம், சில இடங்களில் ஆசிரியர் செயல், மாணவர் செயல் என்று இரண்டு கட்டங்கள். சில கல்லூரிகள் அறிதல், புரிதல், பயன்படுத்துதல், திறன் என்ற நான்கு நோக்கங்களோடு நிற்கும். சில கல்லூரிகள் புளூமின் 1956 வகைப்பாட்டைத் திருத்தி 2001இல் வந்த ஆறு நிலைகளை, அதாவது நினைவுகூர்தல் தொடங்கிப் படைத்தல் வரை, எழுதச் சொல்லும். உங்கள் ரெக்கார்டில் இதுவரை எந்த அமைப்பில் எழுதினீர்களோ, தேர்வன்றும் அதே அமைப்பில்தான் எழுத வேண்டும். இரண்டையும் கலக்காதீர்கள்.

எந்த அமைப்பாக இருந்தாலும் தேர்வாளர் பார்ப்பது ஒன்றைத்தான். மேலே நீங்கள் எழுதிய நோக்கம், நடுவில் வகுப்பில் நடக்கும் செயல், கடைசியில் கேட்கும் மதிப்பீட்டுக் கேள்வி, இந்த மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றனவா? துணைக்கருவி அந்தக் கோட்டில் எங்கே நிற்கிறது? இது சரியாக இருந்தால் கட்டங்களின் பெயர் மாறியிருப்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். எனவே ஒரே ஒரு பாடத்தை எடுத்து அந்தக் கோட்டைக் காட்டுகிறேன்: 8ஆம் வகுப்பு, அமிலங்கள் மற்றும் காரங்கள் அலகு, அதில் இயற்கை நிறங்காட்டிகள் என்ற துணைத்தலைப்பு.

முதலில் நோக்கங்கள்

மாணவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இங்கேதான். "மாணவர்கள் நிறங்காட்டிகளைப் பற்றி அறிந்துகொள்வர்" என்று எழுதிவிடுவார்கள். அறிந்துகொண்டார்களா என்று எதைப் பார்த்துச் சொல்வீர்கள்? கண்ணால் பார்க்கக்கூடிய, காதால் கேட்கக்கூடிய ஒரு செயலாக எழுதினால்தான் அது குறிப்பிட்ட நோக்கம் ஆகும். கூறுகிறார், வேறுபடுத்துகிறார், காரணம் தருகிறார், சோதித்துக் காட்டுகிறார், அட்டவணைப்படுத்துகிறார் போன்ற வினைகளில் வாக்கியம் முடிய வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு ஒரு வினை போதும். "வரையறுத்து, விளக்கி, எடுத்துக்காட்டு தருகிறார்" என்று எழுதினால் மூன்று மதிப்பீட்டுக் கேள்விகள் கேட்க வேண்டிவரும்.

45 நிமிட வகுப்புக்கு நான்கு நோக்கங்கள் தாராளம். பத்து நோக்கம் எழுதிய பாடத்திட்டத்தில் பாதிக்கு மேல் வகுப்பில் நடக்கவே நடக்காது, அதைத் தேர்வாளர் எளிதாகக் கண்டுபிடித்துவிடுவார். நான்கும் அறிதலாக இருக்கக் கூடாது. ஒன்றாவது பயன்படுத்துதலாக இருக்கட்டும். மாணவர் இன்று கற்றதை, வகுப்பில் பார்க்காத ஒரு புதிய பொருளுக்குப் பொருத்திச் சொல்ல வேண்டும்.

அடுத்து ஊக்குவித்தல்

"நேற்று என்ன பாடம் படித்தோம்?" என்று ஆரம்பித்து ஐந்து கேள்வியில் தலைப்பை மாணவர் வாயிலிருந்து வரவைப்பது பழைய பழக்கம். "ஆகவே இன்று நாம் நிறங்காட்டிகளைப் பற்றிப் படிக்கப் போகிறோம்" என்று முடிப்பார்கள். மாணவருக்குத் தெரியாத சொல்லை மாணவரே சொல்வார் என்று எதிர்பார்ப்பது நடக்காத காரியம். அதற்குப் பதில், அவர் பார்த்த, ஆனால் ஏன் என்று யோசிக்காத ஒன்றைக் காட்டுங்கள்.

இந்தப் பாடத்துக்கு நம் வீட்டிலேயே அது இருக்கிறது. ஆரத்தித் தட்டில் இருப்பது சிவப்பு நீர். ஆனால் அதில் சிவப்பான பொருள் எதையும் போடுவதில்லை. மஞ்சள்தூள் மஞ்சள், சுண்ணாம்பு வெள்ளை. ஒரு கண்ணாடித் தம்ளரில் மஞ்சள் நீரை எடுத்துக்கொண்டு, மாணவர்கள் கண் முன்னால் கொஞ்சம் சுண்ணாம்புத் தெளிநீரை விடுங்கள். நிறம் மாறியதும், "சிவப்பு எங்கிருந்து வந்தது?" என்று ஒரே கேள்வி. பதிலை அவர்களே சொல்லட்டும், சரி தவறு எதுவும் சொல்லாதீர்கள். சட்டையில் பட்ட மஞ்சள் கறை சோப்புப் போட்டதும் சிவந்ததை யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். யாரும் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள். அந்தப் பதிலிலிருந்து பாடத்துக்குள் போய்விடலாம்.

மாதிரிப் பாடத்திட்டம்

வகுப்பு: 8
பாடம்: அறிவியல்
அலகு: அமிலங்கள் மற்றும் காரங்கள்
துணைத்தலைப்பு: இயற்கை நிறங்காட்டிகள்
நேரம்: 45 நிமிடம்
கற்பித்தல் முறை: செய்து காட்டல், குழுச் செயல்பாடு
முன்னறிவு: எலுமிச்சைச் சாறு அமிலம், சோப்புக் கரைசலும் சுண்ணாம்பு நீரும் காரம் என்பது மாணவர்களுக்குத் தெரியும்.

*குறிப்பிட்ட நோக்கங்கள்*
1. அறிதல்: நிறங்காட்டி என்றால் என்ன என்று கூறுகிறார்.
2. திறன்: மஞ்சள் தாளைக் கொண்டு நான்கு கரைசல்களைச் சோதித்து முடிவை அட்டவணையில் பதிகிறார்.
3. புரிதல்: மஞ்சள், செம்பருத்தி ஆகியவற்றின் நிறமாற்றத்தை ஒப்பிடுகிறார்.
4. பயன்படுத்துதல்: பெயர் தெரியாத கரைசல் எந்த வகை என்பதைச் சோதித்துக் காரணத்துடன் தீர்மானிக்கிறார்.

*துணைக்கருவிகள்:* மஞ்சள் தாள், செம்பருத்திச் சாறு, சிறு கிண்ணங்களில் கரைசல்கள், நிறமாற்ற விளக்கப்படம்.

*ஊக்குவித்தல் (5 நிமிடம்):* ஆரத்தி நீர் செய்து காட்டல். "சிவப்பு எங்கிருந்து வந்தது?"

*பாட வளர்ச்சி (27 நிமிடம்)*

நோக்கம் 1.
பாடப்பொருள்: அமிலத்திலோ காரத்திலோ நிறம் மாறி, அது எந்த வகை என்று காட்டும் பொருள் நிறங்காட்டி.
ஆசிரியர் செயல்: ஆரத்தி நீரை மீண்டும் காட்டி, சுண்ணாம்பு நீர் காரம் என்பதை நினைவூட்டுகிறார். மஞ்சள் செய்த வேலைக்குப் பெயர் தருகிறார்.
மாணவர் செயல்: சட்டைக் கறை சிவந்ததற்குக் காரணம் கூறுகின்றனர்.
கரும்பலகை: நிறங்காட்டி, அதன் வரையறை.

நோக்கம் 2.
பாடப்பொருள்: மஞ்சள் காரத்தில் செம்பழுப்பு ஆகும், அமிலத்தில் மாறாது.
ஆசிரியர் செயல்: ஒவ்வொரு குழுவுக்கும் எலுமிச்சைச் சாறு, சுண்ணாம்புத் தெளிநீர், சோப்புக் கரைசல், உப்புக் கரைசல், நான்கு மஞ்சள் தாள் துண்டுகள் தருகிறார். கரைசலைச் சுவைக்கக் கூடாது, கண்ணில் படக் கூடாது என்று எச்சரிக்கிறார்.
மாணவர் செயல்: சோதித்து அட்டவணையை நிரப்புகின்றனர்.
கரும்பலகை: வெற்று அட்டவணை, மாணவர் சொல்லச் சொல்ல நிரப்புதல்.

நோக்கம் 3.
பாடப்பொருள்: செம்பருத்திச் சாறு அமிலத்தில் அடர் இளஞ்சிவப்பு, காரத்தில் பச்சை ஆகும்.
ஆசிரியர் செயல்: அதே நான்கு கரைசல்களில் செம்பருத்திச் சாற்றைச் சில சொட்டுகள் விட்டுக் காட்டுகிறார். "மஞ்சள் தாள் எலுமிச்சைச் சாற்றிலும் மாறவில்லை, உப்புக் கரைசலிலும் மாறவில்லை. செம்பருத்தி என்ன சொல்கிறது?" என்று கேட்கிறார்.
மாணவர் செயல்: இரண்டு நிரல்களையும் ஒப்பிட்டு வேறுபாட்டைக் கூறுகின்றனர்.
துணைக்கருவி: விளக்கப்படம் இந்த இடத்தில், சோதனை முடிந்த பிறகு.

நோக்கம் 4.
பாடப்பொருள்: ஒரு நிறங்காட்டி மட்டும் போதாத இடம்.
ஆசிரியர் செயல்: அ, ஆ என்று மட்டும் எழுதிய இரண்டு நிறமற்ற கரைசல்களைத் தருகிறார். ஒன்று சர்க்கரைக் கரைசல், மற்றது சிட்ரிக் அமிலக் கரைசல்.
மாணவர் செயல்: இரண்டு நிறங்காட்டிகளாலும் சோதித்து, எது எந்த வகை என்று காரணத்தோடு கூறுகின்றனர்.

*தொகுத்தல் (5 நிமிடம்):* கரும்பலகை அட்டவணையில் நிறங்களை அழித்துவிட்டு மாணவர்களைக் கொண்டே மீண்டும் நிரப்புதல்.

*மதிப்பீடு (6 நிமிடம்)*
1. நிறங்காட்டி என்றால் என்ன?
2. இந்தக் கரைசலை மஞ்சள் தாளால் சோதித்துக் காட்டு. (ஒரு மாணவர் முன்னால் வந்து செய்தல்)
3. எலுமிச்சைச் சாற்றில் மஞ்சளும் செம்பருத்தியும் எப்படி வேறுபட்டு நடந்துகொள்கின்றன?
4. ஒரு திரவத்தில் மஞ்சள் தாள் நிறம் மாறவில்லை. அது அமிலம்தான் என்று சொல்லலாமா? ஏன்?

*ஒப்படைப்பு (2 நிமிடம்):* வீட்டில் கிடைக்கும் ஐந்து பொருள்களை மஞ்சள் தாளால் சோதித்து அட்டவணை எழுதி வருதல்.

மதிப்பீட்டின் நான்கு கேள்விகளும் மேலே உள்ள நான்கு நோக்கங்களின் எண்களோடு ஒன்றுக்கு ஒன்று பொருந்துவதைப் பாருங்கள். எழுதி முடித்ததும் பென்சிலால் நோக்கம் 1இலிருந்து அதற்குரிய செயலுக்கும், அங்கிருந்து கேள்விக்கும் ஒரு கோடு போடுங்கள். கோடு எங்காவது நின்றுவிட்டால், ஒன்று அந்த நோக்கத்தை நீக்குங்கள் அல்லது விட்டுப்போனதைச் சேருங்கள். திறன் நோக்கத்தில்தான் அடிக்கடி கோடு அறும். "சோதித்துக் காட்டுகிறார்" என்று நோக்கம் எழுதிவிட்டு, மதிப்பீட்டில் "மஞ்சள் காரத்தில் என்ன நிறமாகும்?" என்று கேட்டால் அது அறிதல் கேள்வி. கையால் செய்யவைக்க வேண்டும்.

மாணவர் செயல் கட்டத்தையும் ஒரு தடவை மேலிருந்து கீழே படியுங்கள். "உற்றுநோக்குகின்றனர், கவனிக்கின்றனர், குறிப்பெடுக்கின்றனர்" என்று மட்டும் வந்தால் வகுப்பில் நீங்கள் மட்டும்தான் வேலை செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

ஹெர்பார்ட்டின் ஐந்து படிகளை எழுதச் சொல்லும் கல்லூரியானால், மேலே உள்ளதைப் பெரிதாக மாற்ற வேண்டாம். ஊக்குவித்தல்தான் ஆயத்தம், நோக்கம் 1, 2 எடுத்துரைத்தல், நோக்கம் 3 ஒப்பிடுதல், நோக்கம் 4 பயன்படுத்துதல். ஒப்பிடுதலுக்கும் பயன்படுத்துதலுக்கும் நடுவில் "மஞ்சள் காரத்தை மட்டுமே காட்டும், செம்பருத்தி இரண்டையும் காட்டும்" என்று மாணவர் வாயால் வரும் வாக்கியம் பொதுமைப்படுத்துதல். வாய்மொழித் தேர்வில் ஹெர்பார்ட்டைப் பற்றிக் கேட்டால் ஒரு விவரம் கைகொடுக்கும்: அவர் சொன்னவை நான்கு படிகள், ஐந்தாக விரித்தவர்கள் அவர் வழிவந்தவர்கள்.

துணைக்கருவிக் குறிப்பு

பாடத்திட்டத்தில் "துணைக்கருவிகள்: விளக்கப்படம், உண்மைப் பொருள்கள்" என்று ஒரு வரி எழுதுவது வேறு, துணைக்கருவிக்கான தனிக் குறிப்பு வேறு. தனிக் குறிப்பில் கருவியின் பெயர், வகை, எந்த நோக்கத்துக்கு, தேவையான பொருள்கள், செய்யும் முறை, வகுப்பில் எந்த நேரத்தில் எப்படிப் பயன்படுத்துவது, அதன் வரம்பு ஆகியவை வர வேண்டும். கடைசியாகச் சொன்ன வரம்பைப் பலர் எழுதுவதே இல்லை. ஆனால் "இந்தக் கருவியால் என்ன செய்ய முடியாது?" என்பது தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வி. மஞ்சள் தாளுக்கு எழுதினால் இப்படி இருக்கும்.

பெயர்: மஞ்சள் நிறங்காட்டித் தாள். வகை: தானே தயாரித்த, குறைந்த செலவுத் துணைக்கருவி. நோக்கம்: பாடத்திட்டத்தின் 2, 3, 4. பொருள்கள்: மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, சிறிது நீர், வடிதாள் அல்லது மை ஒற்றும் தாள். செய்முறை: மஞ்சளைக் குழம்பாகக் கரைத்துத் தாளின் இரண்டு பக்கமும் பூசி, நிழலில் உலர்த்தி, விரல் அகலத் துண்டுகளாக வெட்டுதல். பயன்படுத்தும் முறை: ஒரு குழுவுக்கு நோக்கம் 2இல் நான்கு துண்டுகள், நோக்கம் 4இல் இரண்டு, ஒரு கரைசலுக்கு ஒரு துண்டு, கரைசலில் முழுதாக முக்காமல் ஒரு சொட்டு வைத்தல், அப்போதுதான் மாறிய நிறமும் மாறாத நிறமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் தெரியும். வரம்பு: அமிலத்தையும் நடுநிலைக் கரைசலையும் பிரித்துக் காட்டாது. சமையல் சோடா போன்ற வலு குறைந்த காரத்தில் நிறமாற்றம் மங்கலாகவே தெரியும்.

அந்தக் கடைசி வரியால்தான் குழுவுக்குக் கொடுக்கும் கரைசல்களில் சமையல் சோடாவைச் சேர்க்கவில்லை. வகுப்பில் பாதிக் குழு "மாறியது" என்றும் பாதிக் குழு "மாறவில்லை" என்றும் சொன்னால் தேர்வு நேரத்தில் சமாளிப்பது கஷ்டம். சுண்ணாம்புத் தெளிநீரும் சோப்பும் தெளிவாகக் காட்டும். தெளிநீருக்கு, வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கலக்கி அப்படியே விட்டு, மேலே தெளிந்ததை மட்டும் இறுத்து எடுங்கள். கலங்கலாகக் கொண்டுபோனால் நிறம் சரியாகத் தெரியாது, கைக்கும் நல்லதல்ல.

செம்பருத்திச் சாறு கொஞ்சம் படுத்தும். நான்கைந்து சிவப்புச் செம்பருத்திப் பூக்களின் இதழ்களை மட்டும் பிய்த்து, அரைத் தம்ளர் சூடான நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து வடிகட்டினால் போதும். சாறு அடர்த்தியாக இருக்க வேண்டும். நீர்த்துப்போனால் நிறமாற்றம் கடைசி வரிசைக்குத் தெரியாது. ஆழ்குழாய்த் தண்ணீரில் ஊறவைக்காதீர்கள். பல ஊர்களில் அந்தத் தண்ணீரே இலேசான காரத்தன்மை கொண்டது, சாறு சோதனைக்கு முன்பே நீலம் பாய்ந்துவிடும். கேன் தண்ணீர் அல்லது சுத்திகரித்த நீரில் செய்யுங்கள், உப்புக் கரைசலையும் சர்க்கரைக் கரைசலையும் அதே நீரில் கரையுங்கள். சாற்றை அன்று காலையில்தான் செய்ய வேண்டும், வைத்திருந்தால் கெட்டுவிடும். பெயர் தெரியாத கரைசலுக்குச் சிட்ரிக் அமிலத்தைச் சொன்னது அதற்கு வாசனை இல்லை என்பதால். மளிகைக் கடையில் லெமன் சால்ட் என்று கேட்டால் தருவார்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ வைத்தால் மாணவர்கள் முகர்ந்தே சொல்லிவிடுவார்கள், நான்காவது நோக்கம் வீணாகிவிடும்.

விளக்கப்படத்துக்கு வருவோம். வெள்ளைத் தாளில் மஞ்சள் நிறத்தைத் தீட்டினால் தூரத்திலிருந்து தெரியாது. இந்தப் பாடத்தில் மஞ்சள்தான் முக்கியமான நிறம் என்பதால், ஒவ்வொரு நிறக் கட்டத்துக்கும் கறுப்புக் கோட்டில் தடித்த எல்லை போடுங்கள். எழுத்து மிகக் குறைவாக இருக்கட்டும்: மேலே தலைப்பு, இடப்பக்கம் இரண்டு நிறங்காட்டிகளின் பெயர், மேல்வரிசையில் அமிலம், நடுநிலை, காரம். ஆறே கட்டங்கள். வரையறையை விளக்கப்படத்தில் எழுத வேண்டாம், அது கரும்பலகைக்கு உரியது. எழுதி முடித்ததும் சுவரில் மாட்டிவிட்டு அறையின் மறுகோடியில் நின்று படித்துப் பாருங்கள்.

படத்தை வகுப்புக்குள் நுழைந்ததுமே மாட்டிவிடாதீர்கள். விடை முழுதும் அதில் இருக்கிறது. மாணவர்கள் சோதித்துக் கண்டுபிடிக்க வேண்டியதைப் பார்த்து எழுதிவிடுவார்கள். சுருட்டி வைத்திருந்து, மூன்றாவது நோக்கத்தின் முடிவில் விரித்து, பேசி முடித்ததும் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் பிறகு நான்காவது நோக்கமும் தொகுத்தலும் மதிப்பீடும் வருகின்றன. பாடத்திட்டத்திலும் "துணைக்கருவி" என்ற சொல்லை அந்த வரிசைக்கு நேராகவே எழுத வேண்டும்.

இன்னொன்று. துணைக்கருவிகளின் பயன் பற்றி முன்னுரை எழுதும்போது எட்கர் டேலின் அனுபவக் கூம்பைப் பலரும் குறிப்பிடுவார்கள், 1946இல் அவர் வெளியிட்டது. அதோடு "படித்ததில் 10 சதவீதம், செய்ததில் 90 சதவீதம் நினைவில் நிற்கும்" என்ற கணக்கையும் ஒட்டிவிடுவார்கள். அந்தச் சதவீதங்கள் டேலின் கூம்பில் இல்லை, பிற்காலத்தில் யாரோ சேர்த்தவை. பழைய ரெக்கார்டிலிருந்து பார்த்து எழுதினால் அதுவும் சேர்ந்து வந்துவிடும். கூம்பை வரைந்து, உங்கள் மஞ்சள் தாள் அதன் அடிப்பகுதியில் நேரடி அனுபவமாகவும், விளக்கப்படம் மேற்பகுதியில் காட்சிக் குறியீடாகவும் வருவதைக் குறித்துக் காட்டினால் போதும்.

தேர்வன்று பையில் நீல லிட்மஸ், சிவப்பு லிட்மஸ் தாள்கள் ஒரு கட்டு வைத்துக்கொள்ளுங்கள். செம்பருத்திச் சாறு சொதப்பினால் மூன்றாவது, நான்காவது நோக்கங்களை லிட்மஸாலேயே நடத்திவிடலாம். அமிலம் நீலத்தைச் சிவப்பாக்கும், காரம் சிவப்பை நீலமாக்கும், நடுநிலையில் இரண்டும் அப்படியே இருக்கும். பாடத்திட்டத்தின் துணைக்கருவி வரியில் "லிட்மஸ் தாள் (மாற்று)" என்று முன்கூட்டியே எழுதி வைத்தால், நடுவில் அதை எடுப்பது திட்டமிட்ட காரியமாகவே இருக்கும்.